பெரிய மேளமும் 'பிக் டிரம்'மும்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வர வித்வானின் மகன் என்னைப் பார்க்க வந்திருந்தார். அப்பாவுக்கு ஐரோப்பாவில் ஓர் இசை விழாவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, 150 சொல்லுக்குள் ஆங்கிலத்தில் பயோடேட்டா கேட்கிறார்கள் என்றார். பல வருஷம் முன்பு யாரோ அவசரத்தில் எழுதிக்கொடுத்த ஆங்கிலக் குறிப்பு ஒன்று கையில் இருந்தது. அதையே அனுப்பலாமே என்று கேட்டதற்கு, பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளூர்ச் சபை ஒன்று அச்சடித்த விழா மலரில் இருந்து கிழித்த பக்கம். அந்த ஆங்கிலக் குறிப்பையே யாரோ திரும்பத் தமிழாக்கிப் போட்டிருந்தார்கள்.

"படிச்சுப் பாருங்க சார். இதப் பாத்துட்டு அப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியாப் பேசல."

படித்தேன். இப்படி ஆரம்பித்தது: "இவர் ஓர் உலகப் புகழ்பெற்ற நாதஸ்வரக் கலைஞர் ஆவார். அவர் தனது எட்டாவது வயதில் தனது பெரியப்பாவின் கீழ் படித்தார். அவர் ஒரு மாபெரும் இசை மேதையின் பரம்பரையைச் சேர்ந்தவர். அவர் முப்பது வருடங்களாக ஒரு கோயிலில் வேலை செய்தார். அவர் பெரிய மேளத்தில் நிபுணர் ஆவார்."

ஐந்து வாக்கியம். ஐந்திலும் இலக்கணப் பிழை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதில் இருப்பவர் வேறு யாரோ.

மகனிடம் அசல் தமிழ்க் குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அப்பா பழைய நோட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த மத்தியானம்தான், இத்தனை வருஷம் பழக்கத்தில் செய்துவந்த மொழிபெயர்ப்பு வேலையை எனக்கே தெளிவாகக் காட்டியது.

முதலில் அந்தப் பெரியப்பா. அசலில் இருந்தது 'என் தாய்மாமா'. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவர் 'அங்கிள்' என்று எழுதினார். ஆங்கிலத்தில் அது தப்பே இல்லை. திரும்பி வந்தவருக்கு 'அங்கிள்' என்ற ஒரு சொல்தான் கிடைத்தது. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று எத்தனையோ உறவில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இசைக் குடும்பம்தானே, வித்தை அப்பா வழியில் வந்திருக்கும் என்று நினைத்திருப்பார். நாதஸ்வரக் குடும்பங்களில் இது சின்ன விஷயம் அல்ல. வித்தை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது, எந்தப் பாணி யாரிடமிருந்து இறங்கியது என்பதை ஊரே அறியும். தாய்மாமாவைப் பெரியப்பா ஆக்கினால், அம்மா வீட்டின் பாணி அப்பா வீட்டின் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்தப் பெரியவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தது இதற்காகத்தான். 'மெட்டர்னல் அங்கிள்' என்று ஒரு சொல் கூடப் போட்டிருந்தால் போதும், போன உறவு அப்படியே திரும்பி வந்திருக்கும்.

இரண்டாவது, இதைவிடப் பெரிய ஆபத்து. அசலில் ஒரு மூத்த வித்வானின் பெயரைச் சொல்லி 'அவர்களுடைய சிஷ்ய பரம்பரையில் வந்தவன்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'லீனியேஜ்'. தமிழுக்குத் திரும்பும்போது சிஷ்ய என்ற சொல் உதிர்ந்து, 'பரம்பரையைச் சேர்ந்தவர்' என்று ஆகிவிட்டது. தமிழ் வாசகர் இதை ரத்த உறவாகத்தான் படிப்பார். அந்த மூத்த வித்வானின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாசிக்கிறார்கள். இவரோ தன்னை அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதுபோல அச்சில் வந்திருக்கிறது. தாய்மாமா விஷயத்தில் மனம் நொந்ததோடு போயிற்று. இது பொய் சொன்னதாக ஆகிவிடும்.

பயோடேட்டா மற்ற எழுத்து மாதிரி இல்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒருவர் தன்னைப் பற்றிக் கொடுக்கும் வாக்குமூலம். கதையில் ஒரு சொல் கூடக் குறையப் போனால் ருசி மாறும். இங்கே மாறுவது வாக்குமூலத்தின் எடை. எடை குறைந்தால் ஆளுக்கு அநியாயம். எடை கூடினால் ஆளுக்கு அவமானம், ஏனென்றால் அதைச் சொன்னது அவர்தான் என்று உலகம் எடுத்துக்கொள்ளும்.

'உலகப் புகழ்பெற்ற' அப்படிக் கூடின எடைதான். அசலில் 'சிங்கப்பூர், பினாங்கு சென்று வாசித்திருக்கிறேன்' என்று இருந்தது. ஆங்கிலத்துக்குப் போனவர் 'இன்டர்நேஷனலி அக்ளெய்ம்டு' என்று போட்டார். ஆங்கில விழாக் குறிப்புகளில் அது தேய்ந்த நாணயம். வெளிநாட்டில் நாலு இடத்தில் வாசித்திருக்கிறார் என்பதற்கு மேல் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் தமிழில் 'உலகப் புகழ்பெற்ற' என்பது இன்னும் தேயவில்லை. அப்படி அச்சில் பார்த்தால், ஊர்க்காரர்கள் நிஜமாகவே நிமிர்ந்து பார்ப்பார்கள். பெரியவரைப் போனில் அழைத்தபோது குரலில் வருத்தம் தெரிந்தது.

"நான் எங்கங்க உலகப் புகழ்? ரெண்டு கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்டாங்க, போய் வாசிச்சேன். அங்க இருக்கறவங்க நாளைக்கு என்னப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அன்றே ஆங்கிலத்தில் 'சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கோயில் கும்பாபிஷேகங்களில் வாசித்தவர்' என்ற பொருள் வரும்படி மாற்றினேன். இடத்தின் பெயரையும் நிகழ்ச்சியையும் சொன்னால் எந்த மொழிக்குப் போனாலும் எடை மாறாது. பாராட்டுச் சொல் அப்படி அல்ல, ஒவ்வொரு மொழியிலும் அதற்கு ஒரு விலை.

இந்த வேலையை இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குப் போவதில்லை. நடுவில் ஒரு தாள் எழுதுகிறேன். அதை உண்மைத் தாள் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அசலில் இருக்கும் அடைமொழி, பணிவு, வாழ்த்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, யார், யாரிடம், எங்கே, எத்தனை வருஷம், யார் கொடுத்தது என்று மட்டும் வரி வரியாக எழுதுவேன். இந்தப் பெரியவருக்கு 11 வரி வந்தது. ஒவ்வொரு வரியையும் அவரிடமே கேட்டு உறுதி செய்தேன். இதில்தான் அதிக நேரம் போகிறது. நேரம் கொடுக்க வேண்டிய இடமும் இதுதான்.

கேட்கக் கேட்க, அசலில் இல்லாத விஷயங்கள் வந்தன. 'கோயில் ஊழியம்' என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அது 'எம்ப்ளாய்டு' ஆகி, தமிழில் 'வேலை செய்தார்' என்று திரும்பியிருந்தது. ஊழியம் என்றால் தினசரி என்னென்ன என்று கேட்டேன். சாயரட்சைக்கும் அர்த்தஜாமத்துக்கும் முப்பது வருஷம் தவறாமல் வாசித்திருக்கிறார். அதைத்தான் ஆங்கிலத்தில் எழுதினேன்: முப்பது ஆண்டுகள், ஒவ்வொரு நாளும், மாலைப் பூஜைக்கும் இரவுப் பூஜைக்கும். 'ஊழியம்' என்ற சொல்லில் இருக்கும் பக்திக்கு ஆங்கிலத்தில் நேர்ச் சொல் தேடினால் 'சர்வீஸ்' கிடைக்கும், அது ஓட்டலுக்கும் ஆகும். 'ஒவ்வொரு நாளும்' என்ற இரண்டு சொல் அந்த இடத்தை நிரப்பிவிட்டது. அந்தக் குறிப்பைப் படித்த விழாக்காரர்கள் மறுகடிதத்தில் விசாரித்ததும் அந்த வரியைப் பற்றித்தான்.

குருகுலவாசமும் அப்படியே. 'படித்தார்' என்று திரும்பி வந்திருந்த சொல்லின் பின்னால், தாய்மாமா வீட்டில் ஏழு வருஷம் தங்கியது இருந்தது. ஆசிரியர் வீட்டில் ஏழு ஆண்டுகள் தங்கிக் கற்றார் என்று எழுதினால் ஆங்கில வாசகருக்குக் குருகுலம் புரிந்துவிடும். அந்தச் சொல்லையே விளக்க வேண்டியதில்லை.

பணிவுதான் கடினம். அசல் 'குருவருளாலும் இறையருளாலும்' என்று தொடங்கியது. ஆங்கிலத்தில் அதை அப்படியே போட்டால் மதப் பிரசங்கம் போலத் தொனிக்கும். எடுத்துவிட்டால் ஆள் தன் பெருமையை மட்டும் பேசுகிறவர்போல நிற்பார். இரண்டும் அவர் இல்லை. குருவுக்காக ஏதாவது செய்வதுண்டா என்று கேட்டேன். தாய்மாமாவின் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு வருஷமும் சம்பளம் வாங்காமல் வாசிக்கிறாராம். ஆங்கிலக் குறிப்பின் கடைசி வரியாக அதை வைத்தேன். தமிழில் முதல் சொல்லாக நின்ற பணிவு, ஆங்கிலத்தில் கடைசிச் செயலாகப் போய் நின்றது. இடம் மாறினாலும் அது அங்கே இருக்கிறது. தமிழில் 'ஆர்' விகுதி ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலிலும் மரியாதையை ஏற்றிக்கொண்டே போகும். ஆங்கில 'ஹீ'க்கு அந்த வால் கிடையாது. அதனால் மரியாதையை இப்படிச் செயல்களில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. 'அங்கே வாசித்தார்' என்பதைவிட 'வாசிக்க அழைக்கப்பட்டார்' என்று எழுதுவதும் அதற்குத்தான், ஆனால் நிஜமாக அழைப்பு வந்த இடத்தில் மட்டும்.

விருதுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. கலைமாமணி வாங்கியவர். அது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாநில அரசு தருவது. பழைய ஆங்கிலக் குறிப்பில் 'ஸ்டேட் அவார்ட்' என்று இருந்தது. வெளிநாட்டில் 'ஸ்டேட்' என்றால் நாடு என்றும் பொருள்கொள்வார்கள். 'தமிழ்நாடு அரசின்' என்று எழுதிவிட்டால் சந்தேகமே இல்லை. தமிழில் அதைப் பெயருக்கு முன்னால் போடுவது வழக்கம், ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு வாக்கியமாகத்தான் வைப்பேன். பத்ம விருது வாங்கியவர்களுக்கு எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். அது பட்டம் அல்ல, பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 1995-இல் சொல்லியிருக்கிறது.

பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருந்தார்கள். ஆங்கில வழக்கப்படி, முதல் தடவை முழுப்பெயர் சொன்ன பிறகு கடைசிப் பெயரை மட்டும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் குறிப்பு முழுக்க வாசித்தது, விருது வாங்கியது எல்லாம் அவர் தகப்பனார் ஆகிவிடும். ஆங்கிலத் தாளின் மேலேயே, இரண்டாம் முறை சொல்லும்போது இந்தப் பெயரைத்தான் பயன்படுத்துங்கள் என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். நம் ஊர்க் கலைஞர்கள் எல்லாருக்கும் இதைச் செய்கிறேன்.

இனி திரும்பி வரும் வழி. விழா முடிந்து வந்தபின், அதே சபை புதிய மலருக்காகத் தமிழ்க் குறிப்பு கேட்டது. ஆங்கிலத் தாள் கையில் தயாராக இருந்தது. அதைத் தமிழாக்காமல், உண்மைத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு புதிதாகத் தமிழில் எழுதினேன். போகும் வழியில் சேர்த்ததை வரும் வழியில் இறக்கிவைக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஆங்கிலத்தில் மல்லாரிக்கு ஒரு விளக்கம் சேர்த்திருந்தேன்: சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படும், சாகித்தியம் இல்லாத உருப்படி என்று. அங்கே அது தேவை. அதையே தஞ்சாவூர்ச் சபை மலரில் போட்டால், மல்லாரி கேட்டே வளர்ந்தவர்களுக்கு மல்லாரி என்றால் என்ன என்று பாடம் எடுத்ததாகிவிடும். தமிழில் 'மல்லாரி வாசிப்பில் பெயர் பெற்றவர்' என்பது போதும். பூஜைகளும் தங்கள் பெயரான சாயரட்சைக்கும் அர்த்தஜாமத்துக்கும் திரும்பின. 'குருவருளால்' என்ற சொல்லும் முதல் வரிக்குத் திரும்பியது. அது அவர் சொல், அவர் ஊரில் அதற்கு இடம் உண்டு.

வாக்கியங்களும் திரும்ப ஒன்று சேர்ந்தன. ஆங்கிலத்தில் நாலு வாக்கியமாக வெட்டியதை, தமிழ் 'பிறந்து, தங்கி, கற்று, வாசித்து' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிய தமிழ்க் குறிப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'அவர்' எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அந்தப் பழைய மலரில் ஐந்து வாக்கியத்தில் நாலு 'அவர்'. வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுவதால் தமிழுக்கு அது ஒன்றோ இரண்டோ போதும். அடுத்து 'ஒரு', 'தனது', 'ஆவார்' இவற்றைப் பாருங்கள். இந்த நாலும் கூடி இருந்தால் அடியில் ஆங்கிலம் படுத்திருக்கிறது.

சரிபார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்து, அசலைக் காட்டாமல் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. பல மொழிகளில் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆய்வாளர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைதான் இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டும் அடிப்படை. நானும் இதைச் செய்கிறேன். தாய்மாமா பெரியப்பா ஆவது போன்ற பிழை இதில் உடனே மாட்டும்.

ஆனால் மாட்டாத பிழையும் உண்டு. 'பெரிய மேளத்தில் நிபுணர்' என்ற அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். பெரிய மேளம் என்பது நாதஸ்வரமும் தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்த குழு. சதிருக்கு வாசித்த சின்ன மேளத்திலிருந்து பிரித்துச் சொல்ல வந்த பெயர். பழைய ஆங்கிலக் குறிப்பில் அது 'பிக் டிரம்' என்று இருந்தது. அதைத் தமிழாக்கியவர் 'பெரிய மேளம்' என்று எழுதினார். போனதும் வந்ததும் அச்சு மாறாமல் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கிறவர் சரி என்று டிக் அடித்துவிட்டுப் போவார். இதற்கிடையில் ஆங்கிலத்தில் படித்தவர்கள் எல்லாரும் அந்தப் பெரியவரை ஒரு ராட்சச முரசு அடிப்பவராக எண்ணிக்கொண்டிருந்தார்கள். சொல்லுக்குச் சொல் வைத்தால் பிழையும் சொல்லுக்குச் சொல் திரும்பிவிடும், அதனால் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் கெட்டிக்காரராக இருந்தாலும் இதே ஆபத்து: இது பெரிய மேளம்தான் என்று ஊகித்து, தப்பான ஆங்கிலத்தைத் தானே சரிசெய்து தமிழில் கொடுத்துவிடுவார்.

ஆகையால் திரும்ப மொழிபெயர்ப்பதோடு நான் நிற்பதில்லை. ஆங்கிலத் தாளை, தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். பிறகு தாளை வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேட்பேன். இவர் என்ன வாசிக்கிறார்? யாரிடம் கற்றார்? தினமும் என்ன செய்தார்? அவர் சொல்லும் பதிலை உண்மைத் தாளோடு ஒப்பிடுவேன். 'டிரம்' என்று பதில் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். புதிய குறிப்பில் 'நாதஸ்வரம், இரட்டை நாக்குக் கொண்ட நீண்ட மரக்குழல். தவிலோடு சேர்ந்த கோயில் இசைக்குழுவில் வாசிக்கப்படுவது' என்ற பொருளில் எழுதியிருந்தேன். பெங்களூரில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர், "ஷெனாய் மாதிரி, ஆனா பெருசு" என்றார். அது போதும்.

கடைசிச் சோதனை தமிழ்த் தாளுக்கு. குறிப்புக்குரியவர் எதிரே உட்கார, அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கண்ணால் படிக்கக் கொடுத்தால் மரியாதைக்காக 'நல்லாருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். காதால் கேட்கும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். தாய்மாமாவின் பெயர் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். 'முப்பது ஆண்டுகள்' என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"முப்பத்தொண்ணுங்க. கடைசி வருஷம் எம்மகன் கூட வாசிச்சான், அதையும் சேத்துக்கலாமில்ல?"

இரண்டு தாளிலும் 31 என்று திருத்தினேன். ஆங்கிலத் தாளில் இப்போது 148 சொற்கள், தமிழ்த் தாளில் 104. இரண்டிலும் அதே 11 உண்மைகள்தான் இருக்கின்றன.